‘பாதுகாக்கப்பட்ட கிணறு’ எது? கோட்புக்கைத் தமிழாக்கும் முறை

வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் பிளவக்கல் அணைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பெரியாறு, மற்றது கோவிலாறு. அந்தப் பக்கத்து விவசாயி “பெரியாத்துத் தண்ணி திறந்தாச்சு” என்று சொன்னால் அவர் சொல்வது இந்த அணையைத்தான். அதே சொல்லை மேலூர்க்காரர் சொன்னால் அது முல்லைப் பெரியாறு. பாசன ஆதாரம் பற்றிய கேள்வியில் குறியெண் 2-க்கு நேராகப் ‘பெரியாறு’ என்று மட்டும் எழுதிவிட்டால், மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. மூன்று வருடம் கழித்து மதுரையில் உட்கார்ந்து அந்தத் தரவைத் திறப்பவர் மட்டும் வத்திராயிருப்புப் பக்கத்துக்கு வைகைப் பாசனம் எப்படி வந்தது என்று திகைப்பார். ‘பிளவக்கல் பெரியாறு’ என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் போதும்.

கோட்புக் என்பது கணக்கெடுப்புத் தரவின் சாவி. எந்த மாறி எந்தக் கேள்வியைக் குறிக்கிறது, 1 என்றால் என்ன, 2 என்றால் என்ன, விடையைக் குறியெண்ணாக மாற்றும் விதி என்ன என்பதையெல்லாம் அதில்தான் பார்க்கிறோம். இதைத் தமிழாக்கும்போது சொல்லுக்குச் சொல் தேடினால் போதாது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் எந்த வீடு எந்தக் குறியெண்ணில் விழுந்திருக்குமோ, தமிழில் கேட்டாலும் அதே வீடு அதே குறியெண்ணில் விழ வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரு மாதிரிப் பணியை எடுத்துக்கொள்வோம். பிளவக்கல் அணைகளுக்குக் கீழே உள்ள ஊர்களில் வீட்டுத் தண்ணீர் பற்றி 200 வீடுகளில் கேட்க ஒரு குழு கிளம்புகிறது. தண்ணீர் ஆதாரப் பட்டியலைத் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலிருந்தும், தட்டுப்பாட்டை அளக்கும் 12 கேள்விகளை 2019-இல் வெளியான உலகளாவிய வீட்டுத் தண்ணீர்ப் பாதுகாப்பின்மை அளவுகோலிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். இரண்டுமே பல நாடுகளின் தரவோடு ஒப்பிடத்தக்கவை. தமிழாக்கம் சறுக்கினால் முதலில் போவது அந்த ஒப்பீடுதான்.

வேலையைத் தொடங்கும் முன் எதைத் தொடக்கூடாது என்று பிரித்துவையுங்கள். மாறியின் பெயரைத் தொடக்கூடாது. குறியெண்ணையும் தொடக்கூடாது. `hv201` என்று இருந்தால் அது `hv201` ஆகவே இருக்கட்டும். குறியெண்கள் 11, 12, 21, 31 என்று இடைவெளி விட்டு வந்தால், அழகாக இருக்கட்டும் என்று 1 முதல் வரிசையாக எண்ணிட வேண்டாம். அந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு: பத்தாமிடத்து எண் வகையையும் ஒன்றாமிடத்து எண் உள்வகையையும் காட்டுகிறது. பட்டியலில் இல்லாத ஒரு விடை உங்கள் ஊருக்குத் தேவை என்றால், பழைய எண் ஒன்றின் பொருளை விரிக்காமல் புதிய எண் கொடுங்கள். தமிழாக்கம் செய்ய வேண்டியது லேபிள்களையும், களப்பணியாளர் வாசிக்கும் கேள்வியையும், குறியிடும் விதிகளையும்தான்.

இனித் தண்ணீர்ப் பட்டியலுக்கு வருவோம். அதில் 31 என்பது பாதுகாக்கப்பட்ட கிணறு, 32 என்பது பாதுகாக்கப்படாத கிணறு. ஆங்கிலச் சொல்லை நேராகத் தமிழாக்கினால் இப்படித்தான் வரும். இதை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொன்னால் மூலத்தில் உள்ள சொல் அட்சரம் பிசகாமல் திரும்பி வரும். மறுமொழிபெயர்ப்புச் சோதனையில் தேறிவிட்டது என்று குழு அடுத்த வரிக்குப் போய்விடும்.

களத்தில் நடப்பது வேறு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல் ஏற்கெனவே ஓர் இடத்தில் குடியேறிவிட்டது. பஞ்சாயத்துப் பலகையில் ‘பாதுகாக்கப்பட்ட குடிநீர்’ என்று பார்த்துப் பழகியவருக்கு அது குளோரின் போட்ட தண்ணீர், அரசு கொடுக்கும் தண்ணீர். ஆகவே ஊராட்சி பிளீச்சிங் பவுடர் போடும் திறந்த கிணற்றை அவர் பாதுகாக்கப்பட்டது என்பார். தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டவர் தன் கிணறும் பாதுகாக்கப்பட்டதுதான் என்பார். கோட்புக் கேட்பது இரண்டையும் இல்லை. அது பார்ப்பது கட்டுமானத்தை: தரைக்கு மேலே எழும்பிய உறையோ சுவரோ இருந்து மழைத்தண்ணீர் உள்ளே ஓடாமல் தடுக்க வேண்டும், சிந்தும் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் மேடை வேண்டும், பறவை எச்சமும் பிராணிகளும் விழாதபடி மூடி வேண்டும். மலையடிவாரத் தோட்டங்களில் பம்புசெட் ஓடும் பெரிய திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் இருந்தாலும் மூடி இருக்காது. அவை 32.

இதன் விளைவு எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். 200 வீடுகளில் 30 வீடுகள் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் 5 வீடுகளின் கிணறுகளுக்கு மட்டும் உறை, மேடை, மூடி மூன்றும் உண்டு. பழைய லேபிளில் கேட்டு 20 பேர் ‘பாதுகாக்கப்பட்டது’ என்று சொல்லிவிட்டால், 15 வீடுகள் 32-இலிருந்து 31-க்குத் தாவிவிடுகின்றன. 31 சர்வதேசக் கணக்கில் மேம்பட்ட ஆதாரம், 32 மேம்படாதது. மேம்பட்ட ஆதாரம் உள்ள வீடுகளின் விகிதம் ஒரே சொல்லால் ஏழரைச் சதவீதப் புள்ளி உயர்ந்துவிடும். தரவைப் பார்த்தால் அது பிழையாகத் தெரியாது, முன்னேற்றமாகத்தான் தெரியும்.

லேபிளை இப்படி மாற்றுங்கள்: 31 – ‘உறை, மேடை, மூடி மூன்றும் உள்ள கிணறு’, 32 – ‘உறை, மேடை, மூடியில் ஒன்றாவது இல்லாத கிணறு’. மறுமொழிபெயர்ப்பில் இது மூலத்தோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டியது மூலத்தின் வரையறையோடு. பார்த்துக் குறிக்கக்கூடிய இடமாக இருந்தால், களப்பணியாளர் கிணற்றைப் போய்ப் பார்த்துக் குறிக்கலாம் என்றும் விதி எழுதலாம். ஆனால் சில வீடுகளில் கேட்டும் சில வீடுகளில் பார்த்தும் குறித்தால் தரவு கலந்துவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வீட்டிலும் அதையே செய்யச் சொல்லுங்கள்.

அதே பட்டியலில் 41, 42 இரண்டும் நீரூற்று. ‘ஊற்று’ என்று எழுதினால் மலையடிவாரப் பளியர் குடியிருப்புகளில் பாறையிடுக்கில் கசிந்து வரும் தண்ணீரை நினைப்பார்கள், அது சரி. அர்ச்சுனா நதிக்கரை ஊர்களில் ‘ஊத்து’ என்றால் ஆற்று மணலில் தோண்டிய குழி. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டுமே நல்ல தமிழ். ‘மலையில் தானாக வரும் ஊற்று’ என்று லேபிளைக் குறுக்கிவிட்டு, மணல் ஊத்தை எந்தக் குறியெண்ணில் சேர்ப்பது என்று ஆய்வின் பொறுப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தானாக முடிவு செய்யக்கூடாத இடம் இது. அதேபோல, போர்த் தண்ணீரை மோட்டார் வைத்துச் சின்டெக்ஸ் தொட்டியில் ஏற்றி, அடியில் குழாய் வைத்திருப்பார்கள். “போர்த் தண்ணி” என்று வீட்டார் சொன்னதைக் கேட்டு ஒருவர் 21 போடுவார், குழாயைப் பார்த்த இன்னொருவர் பொதுக்குழாய் என்று போடுவார். தண்ணீர் எங்கே ஊறுகிறது, எங்கே பிடிக்கிறார்கள் என்ற இரண்டில், பட்டியல் கேட்பது பிடிக்கும் இடத்தை. இதைக் கேள்வியிலேயே சொல்லிவிடலாம்: “குடிக்கிற தண்ணிய எங்க பிடிக்கிறீங்க?” குட்டியானை வண்டியில் தொட்டி வைத்து விற்கும் தண்ணீருக்கு 61 டேங்கர் லாரியா, 62 சிறு தொட்டி வண்டியா? இதையும் முன்கூட்டியே தீர்த்து எழுதிவைத்தால், களத்தில் ஆளுக்கொரு விதி பிறக்காது.

அளவுகோல் இதைவிடக் கடினம். தண்ணீர்ப் பாதுகாப்பின்மை அளவுகோலில் 12 கேள்விகள். கவலைப்பட்டது, துணி துவைக்க முடியாமல் போனது, கை கழுவ முடியாமல் போனது, தாகத்தோடு படுத்தது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் கடந்த நான்கு வாரத்தில் எத்தனை தடவை என்று ஐந்து விடைகள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு சொல்லும் அடைப்புக்குள் எண்ணிக்கையும் இருக்கும். தமிழாக்குபவர் கை முதலில் போவது சொல்லின் பக்கம்: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, எப்போதும். காகிதத்தில் வரிசை சரியாகவே தெரிகிறது.

இந்தச் சொற்களை ஐந்து அட்டைகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லிப் பாருங்கள். ‘அரிதாக’ பேச்சில் இல்லாத சொல். அதற்குப் பதில் ‘எப்பவாவது’ என்று வைத்தால், அதற்கும் ‘சில சமயம்’ என்பதற்கும் எது முந்தி என்று ஆளுக்கு ஆள் மாறும். ‘அடிக்கடி’ அதைவிடச் சிக்கல். நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் விடும் தெருவில் மாதத்துக்கே ஏழெட்டு தண்ணீர் நாள்தான். அதில் மூன்று நாள் வராமல் போனால் அந்த அம்மாவுக்கு அது அடிக்கடிதான். அளவுகோலுக்கு 3 தடவை என்பது நடுப்படி.

இங்கே என் பரிந்துரை, சொல்லை முழுதாக விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் லேபிளாக வைப்பது. டிஜிட்டல் படிவத்தின் விடைப் பட்டியல் இப்படி வரும்:

```
list_name,name,label::Tamil (ta)
freq,0,ஒரு தடவைகூட இல்லை
freq,1,1 அல்லது 2 தடவை
freq,2,3 முதல் 10 தடவை
freq,3,11 முதல் 20 தடவை
freq,4,20 தடவைக்கு மேல்
```

`name` நெடுவரிசை தரவுக்குள் போவது. அது எண்ணாகவே இருக்கட்டும். அடுத்த நெடுவரிசை திரையில் தெரிவது. அதைத்தான் நாம் எழுதுகிறோம்.

இதில் ஒரு குறியிடும் விதி ஒளிந்திருக்கிறது. மூல அளவுகோலில் கடைசி இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் 3-தான். படிவத்தில் ஒரே பெயரை இருமுறை வைக்க முடியாது என்பதால் 4 என்று வாங்குகிறோம். கூட்டுவதற்கு முன் 4-ஐ 3 ஆக்க வேண்டும்.

```
recode hw_worry-hw_shame (4=3)
```

இந்த ஒரு வரி தமிழ்க் கோட்புக்கின் விதிப்பகுதியில் இல்லாவிட்டால், மொத்த மதிப்பெண் 0 முதல் 36 வரை இருக்க வேண்டிய இடத்தில் 48 வரை ஏறும். லேபிள்களை மட்டும் பெயர்த்துவிட்டு விதிகளை ஆங்கிலத்திலேயே விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. களத்தில் தரவு திரட்டி அங்கேயே தொகுக்கிறவர்கள் தமிழில் வேலை செய்கிறார்கள். விதி அவர்கள் கையில் தமிழில் இருக்க வேண்டும்.

சொல் நழுவினால் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டை வைத்துப் பாருங்கள். நான்கு வாரத்தில் எட்டு விஷயங்கள் ஒன்றிரண்டு தடவை நடந்திருக்கின்றன, மற்ற நான்கும் நடக்கவே இல்லை. சரியான மதிப்பெண் 8. இந்த வீட்டார் தங்கள் ஒன்றிரண்டு தடவையைச் ‘சில சமயம்’ என்று சொல்லியிருந்தால் எட்டுக் கேள்வியிலும் 1-க்குப் பதில் 2 விழும், மொத்தம் 16 வரும். 12 அல்லது அதற்கு மேல் வந்தால் தண்ணீர்ப் பாதுகாப்பு இல்லாத வீடு என்பது அளவுகோலின் வரம்பு. ஒரு வீடு கோட்டைத் தாண்டிவிட்டது. அதன் தண்ணீர்த் தொட்டியில் எதுவும் மாறவில்லை.

காலத்தைக் குறிக்கும் சொல்லும் இப்படித்தான். நான்கு வாரம் என்பதைப் ‘போன மாசம்’ என்று பேச்சாக்கிவிடாதீர்கள். நவம்பர் 20-ஆம் தேதி கேட்டால் ஒருவருக்கு அது அக்டோபர், இன்னொருவருக்கு ஐப்பசி. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்து மூன்று நாலு நாள்தான் ஆகியிருக்கும். இருவரும் வேறு வேறு முப்பது நாட்களைச் சொல்வார்கள், அதுவும் வடகிழக்குப் பருவமழை அடிக்கிற நேரத்தில். ‘இன்றைக்கு முந்தின நான்கு வாரத்தில்’ என்று சொல்லிவிட்டு, ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நாளைத் தொடக்கமாகச் சுட்டுங்கள்.

இன்னொரு வழுக்கல், கேள்வியின் திசை. ‘கை கழுவ முடியாமல் எத்தனை தடவை போனது’ என்பது காதுக்கு முரடாக இருக்கிறது என்று ‘கை கழுவ முடிந்ததா’ என்று மாற்றிவிடுவார்கள். இப்போது பெரிய எண் நல்ல நிலையைக் காட்டுகிறது, மற்ற பதினொன்றிலும் பெரிய எண் கெட்ட நிலை. முன்னோட்டத் தரவில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு கேள்வியையும் மீதிப் பதினொன்றின் கூட்டோடு ஒட்டுறவு பாருங்கள். ஒன்று மட்டும் எதிர்க்குறியில் வந்தால் அதன் தமிழ் வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். ஆம், இல்லை விடையிலும் கவனம் வேண்டும். “தண்ணி வரலையா?” என்று கேட்டால் நம் ஊரில் “ஆமா” என்றால் வரவில்லை என்று பொருள். அந்த ‘ஆமா’வுக்கு 1 போடுவதா 0 போடுவதா என்று களப்பணியாளர் தடுமாறுவார். எதிர்மறையில் முடியும் ஆம்-இல்லைக் கேள்வியை எழுதாமலே இருப்பது நல்லது.

உணர்வுச் சொற்களில் அவமானம் பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது. ‘வெட்கம்’ என்று போட்டால் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். ‘அவமானம்’ என்று போட்டால் யாராவது திட்டியிருந்தால்தான் சொல்வார்கள். கேள்வி கேட்பது, தண்ணீர்ப் பிரச்சினையால் தலைகுனிவாக உணர்ந்தாரா என்பதை. ‘நாலு பேர் முன்னால் சங்கடமா, தலைகுனிவா இருந்துச்சா’ என்பது நெருங்கி வருகிறது. எழுதிய பிறகு பத்துப் பேரிடம் கேளுங்கள், விடை வாங்கியதும், “எதை நினைச்சுச் சொன்னீங்க?” என்று கேட்டு அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விருந்தாளிக்குக் காபி போடத் தண்ணீர் இல்லாததைச் சொன்னால் கேள்வி வேலை செய்கிறது.

‘தெரியாது’, ‘சொல்ல விரும்பவில்லை’, ‘பொருந்தாது’, ‘இல்லை’ நான்குக்கும் நான்கு எண் உண்டு. தமிழில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். “தெரியலையே” என்பது பல நேரம் மரியாதையான மறுப்பு. ‘மாட்டுத் தண்ணீருக்குத் தட்டுப்பாடா’ என்று கேட்டால் மாடு இல்லாத வீட்டாரும் “இல்லை” என்பார்கள். அது 0 ஆகிவிட்டால் மாடு இல்லாதவரெல்லாம் தட்டுப்பாடு இல்லாதவர் ஆகிவிடுவார்கள். முன்கேள்வி ஒன்று வைத்து அவர்களைப் பொருந்தாது எண்ணுக்குத் தள்ளிவிடுங்கள். 98, 99 போன்ற எண்களைக் கூட்டுவதற்கு முன் விடுபட்டவை என்று அறிவிக்கும் விதியும் தமிழில் இருக்கட்டும்.

சமூகப் பிரிவுக்கான மாறியில் மட்டும் நான் குறியெண்களைப் பிரித்து விரிக்கச் சொல்வேன். தேசியக் கணக்கெடுப்பின் தரவில் 1 பட்டியல் சாதி, 2 பழங்குடி, 3 இதர பிற்படுத்தப்பட்டோர், 4 இவற்றில் எதுவுமில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தங்களை ஓ.பி.சி. என்று சொல்வதில்லை, சாதிச் சான்றிதழில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. என்று இருக்கும். எம்.பி.சி. என்று சொன்னவரைப் பட்டியலில் காணாமல் 4-இல் போட்டுவிடும் ஆபத்து உண்டு. இரட்டை எண் கொடுங்கள்: 11, 12 எஸ்.சி. வகைகள், 21 எஸ்.டி., 31 முதல் 34 வரை பிற்படுத்தப்பட்ட வகைகள். முதல் இலக்கத்தை மட்டும் எடுத்தால் தேசியப் பட்டியலின் எண் கிடைக்கிறது, முழு எண்ணில் ஊர் விவரம் நிற்கிறது. மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் எல்லாச் சாதிக்கும் ஒன்றல்ல என்ற குறிப்பையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.

எண்ணாகவே வாங்கும் மாறிகளில் அலகு லேபிளில் இருக்க வேண்டும். ‘நிலம்’ என்று மட்டும் எழுதினால், “ஒரு ஏக்கர் அஞ்சு சென்ட்” என்பது 1.5 என்று பதிவாகும். 1.5 என்றால் ஒரு ஏக்கர் ஐம்பது சென்ட். ஏக்கருக்கு ஒரு மாறி, சென்ட்டுக்கு ஒரு மாறி என்று பிரித்து வாங்கிப் பிறகு கூட்டுவதே பத்திரம்.

கோப்பைப் பற்றிச் சுருக்கமாக. லேபிள்களை யூனிகோடில் மட்டும் எழுதுங்கள்; பாமினி எழுத்துருவில் தட்டியவை இன்னொரு கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். ‘போர்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அட்டவணையில் ‘போர்’ இரண்டு வரியாக வந்தால் காரணம் இதுதான். அதனால் பகுப்பாய்வை எப்போதும் எண்ணின் மேல் செய்ய வேண்டும், லேபிளின் மேல் செய்யக்கூடாது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் விடை லேபிளுக்கு 120 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகும், ‘கி’ போன்ற உயிர்மெய்க்கு 6. ஆகவே சுமார் 25 எழுத்துக்குள் லேபிளை முடித்து, முழு வரையறையை விதிப்பகுதியில் வையுங்கள். நீளமான லேபிள் வெட்டுப்பட்டால் போவது வாலில் இருக்கும் சொல். தமிழில் ‘உள்ளது’, ‘இல்லாதது’ என்ற வித்தியாசம் இருப்பது அந்த வாலில்தான்.

ஒவ்வொரு முடிவையும் எடுத்தபோதே எழுதுங்கள்: மாறியின் பெயர், மூல வாசகம், முதலில் எழுதிய தமிழ், மாற்றிய தமிழ், ஏன் மாற்றினோம், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதி. மணல் ஊத்தை 32-இல் சேர்த்தீர்களா, தனி எண் கொடுத்தீர்களா என்பது உங்களுக்கு அடுத்த கோடைக்கே மறந்துவிடும். தரவுக் கோப்பை யாருக்கு அனுப்பினாலும் அந்தப் பட்டியலையும் அதே உறையில் வைத்து அனுப்புங்கள்.